புதுப்பிப்பு: ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசர், பக்கத்து வீட்டு அக்காவுக்கு எழுதியது

"கரண்ட் வந்தப்புறமும் மூணு நிமிஷம் ஃபிரிட்ஜ் ஓடல. ஸ்டெபிலைசர் போயிடுச்சா தம்பி?"

இல்லைக்கா, வேண்டுமென்றே காத்திருக்கிறது. கம்ப்ரசர் நின்றதும் கேஸின் அழுத்தம் ஒரு பக்கம் தேங்கி நிற்கும். அது இறங்குமுன் மோட்டாரைக் கிளப்பினால் சுழலாமல் திணறி, பல மடங்கு கரண்ட் இழுத்துச் சூடாகும்.

"லோ வோல்டேஜில் மெதுவாக ஓடும், அவ்வளவுதானே" என்று முன்பு ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. ஓடுகிற மோட்டார் சமாளிக்கலாம். புதிதாகக் கிளம்பும் மோட்டார்தான் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் 'டிக்' சத்தம், சில நிமிடம் கழித்து மறுபடி 'டிக்' என்றால் மோட்டார் சூடானால் கரண்டை நிறுத்தும் ஓவர்லோட் சுவிட்ச் விட்டுவிட்டு வெட்டுகிறது என்று பொருள்.

லைனில் 170 வோல்ட் வந்தால், ஸ்டெபிலைசருக்குள் இருக்கும் ரிலே என்ற தானியங்கி சுவிட்ச் டிரான்ஸ்ஃபார்மரின் வேறு முனைக்கு மாறும். 20 சதவீதம் ஏற்றும் முனை என்றால் 204 கிடைக்கும். லைன் வோல்டேஜ் ஸ்டெபிலைசரின் வரம்பைத் தாண்டினால் சப்ளையையே துண்டித்துவிடும். ஆனால் இடி இடிக்கும்போது ஸ்டெபிலைசரை நம்பி விட்டுவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஏசிக்கு வாங்கிய ஸ்டெபிலைசரை ஃபிரிட்ஜுக்கு மாட்டலாமா என்று கேட்டவருக்கு: தாங்கும், காசுதான் வீண். இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜுக்குத் தேவையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. முதலில் கையேட்டில் போட்டிருக்கும் வோல்டேஜ் வரம்பைப் பாருங்கள்.