தகர டப்பாவில் மட்டும் தொப்பி: பிரெஞ்சு படப் புத்தகம் பிழை பார்த்த அனுபவங்கள்

லியோன்வாசி
அந்த பிஸ்கட் டப்பா இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. மூன்று வருடம் முன்னால் ஒரு சின்னப் பதிப்பகத்துக்காக 32 பக்கப் படப் புத்தகம் ஒன்றுக்குப் பிழை பார்த்தேன். முயல் குட்டி, தொலைந்து போன கரடி பொம்மை, அவ்வளவுதான் கதை. எழுதியவர் சில எழுத்துகளின் மேலிருக்கும் கூரை போன்ற குறியை, அதாவது தொப்பியை, நீக்கிய 1990 பிரெஞ்சுத் திருத்த எழுத்துமுறைதான் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். டப்பாவுக்கான 'புவாத்' ஆறு இடத்தில் வந்தது, ஆறிலும் 'ஐ' மேலிருந்த தொப்பியை எடுத்தேன். டீச்சரம்மாவுக்கான 'மெத்ரெஸ்', ஆகஸ்டுக்கான 'ஊத்', எல்லாவற்றிலும் எடுத்தாயிற்று. கோப்பு முழுக்க இரண்டு முறை தேடினேன், சுத்தம்.

புத்தகம் அச்சாகி வந்தது. என் மகளுக்கு அப்போது ஆறு வயது, விரல் வைத்து எழுத்துக் கூட்டிப் படிப்பாள். 14ஆம் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. படத்தில் அலமாரி மேல் ஒரு தகர டப்பா, அதன் மேல் ஓவியர் தன் கையாலேயே 'புவாத் ஆ பிஸ்குயி' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார், 'ஐ' மேல் அழகான தொப்பியோடு. "அம்மா, இங்க தொப்பி இருக்கு, கீழ காணோம். எது சரி?"

இரண்டும் சரிதான். பழையதையும் யாரும் பிழை என்று சொல்வதில்லை. ஆனால் ஒரே பக்கத்தில் இரண்டும் இருந்தால் எழுத்துக் கூட்டும் பிள்ளை என்ன செய்யும்? அவளுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அந்த எழுத்து படத்தோடு சேர்ந்த படம், கோப்பில் தேடினால் அகப்படாது. நான் படங்களைப் பார்த்தேனே தவிர அவற்றைப் படிக்கவில்லை.

செர்ஜி_ரவி
இதற்கு ஏன் இவ்வளவு கஷ்டம்? 1990க்குப் பிறகு தொப்பியே கிடையாது. எங்கள் சங்க மலரின் சிறுவர் பக்கத்துக்கு நான் எல்லாத் தொப்பியையும் ஒரே தட்டில் நீக்கினேன், பத்து நிமிட வேலை. 'நெனுஃபார்' என்ற அல்லிப் பூவுக்கும் பி-ஹெச் போய் எஃப் வந்துவிட்டது. ஓவியரிடமும் அதையே சொல்லியிருந்தால் முடிந்தது.

துலூஸ் மீனா
தம்பி ரவி, அந்த மலரை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். தொப்பி போனது 'ஐ', 'யூ' இரண்டின் மேல் மட்டும்தான். கேக்கு என்கிற 'காத்தோ'வில் 'ஏ' மேல் இருப்பதும், பண்டிகை என்கிற 'ஃபெத்'தில் 'இ' மேல் இருப்பதும் அப்படியே நிற்கும். 'யூ'விலும் விலக்கு உண்டு. பழம் பழுத்தது என்பதற்கான 'மூர்' தொப்பியை விடாது. எடுத்தால் அது சுவர் ஆகிவிடும். "முலாம்பழம் பழுத்துவிட்டது" என்று வரும் இடத்தில் பிள்ளை "முலாம்பழம் சுவர்" என்று படிக்கும். நிச்சயம் என்ற 'சூர்' தொப்பியை இழந்தால் 'மேலே' என்ற வேறு சொல். அதனால் மொத்தமாக மாற்றவே கூடாது. நான் இதைத் தேடலில் போட்டு ஒவ்வொன்றாக நின்று பார்ப்பேன்:

```
[îûÎÛ]
```

சரி, என்னை உறுத்துவது வேறு. லியோன்வாசி சொன்ன மாதிரியே ஒரு முயல் கதை எனக்கும் வந்தது. முதல் இரண்டு வரி:

தாங் லெ ஜார்தேங், பெத்தி லாபேங்
ஷெர்ஷெ பார்த்தூ சொங் க்ரோ ஊர்ஸ் ப்ரேங்

தோட்டத்தில் குட்டி முயல் தன் பெரிய பழுப்புக் கரடியை எங்கும் தேடுகிறது. வரிக்கு எட்டு அசை, விரல் விட்டு எண்ணினால் கணக்குச் சரி. பாரிஸ் பதிப்பாசிரியர் அருமை என்றார். இங்கே துலூஸில் பக்கத்து வீட்டுப் பாட்டி அதைப் பேரனுக்குப் படித்தார். 'லாபேங்' நன்றாக விழுந்தது. 'பழுப்பு' வந்ததும் உதட்டைக் குவித்து வேறொரு மூக்கொலி சொன்னார். பேரன் நிமிர்ந்து பார்த்தான், இயைபு உடைந்துவிட்டது. பாரிஸில் அந்த இரண்டு ஒலியும் ஒன்றாகிப் போனது, தெற்கில் இன்னும் தனித்தனி. நான் "இயைபு பாதி" என்று ஓரத்தில் குறித்தேன். பாரிஸ்காரர் அடித்துவிட்டார். இன்றைக்கும் நான் செய்தது சரியா என்று தெரியவில்லை.

லாஷப்பல் குமரன்
அக்கா, நீங்கள் சொல்கிற அந்த வரிகளில் எனக்கு வேறு பிரச்சினை. நான் இரவில் மகனுக்குப் படிக்கிற ஆள், பிழை பார்க்கிறவன் இல்லை. பாரிஸில் நாங்கள் கதைக்கிறபோது 'பெத்தி' என்று யார் முழுசாகச் சொல்கிறோம்? 'ப்தி'தான். 'தாங் லெ' என்பது 'தாங்ல்' ஆகிவிடும். முதல் வரி ஆறு அசைக்கு வந்துவிடுகிறது. இரண்டாம் வரியில் 'ஷெர்ஷெ பார்த்தூ'வில் அந்தக் கடைசி 'எ'யை விழுங்க நினைத்தாலும் மூன்று மெய் ஒன்றாக முட்டும், நாக்கு விடாது. ஆகவே அது எட்டாகவே நிற்கும். ஆறும் எட்டும். என் வாய் ஒவ்வொரு இரவும் ஒரே இடத்தில் தடுக்கும், அது என் பிரெஞ்சின் குறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

புதுவை செல்வம்
நான் பிழை பார்த்தவன் இல்லை, பார்க்கப்பட்டவன். பேத்திக்காக பிரெஞ்சில் ஒரு நாய்க்குட்டிக் கதை எழுதினேன், பன்னிரண்டு வரி. நம் வழக்கப்படி வரிகளின் தலையில் இரண்டாம் எழுத்தை ஒன்றவைத்துவிட்டேன். அழகாக எதுகை. பார்த்துக் கொடுத்த பிரெஞ்சு அம்மையார் ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு சின்னக் கேள்விக்குறி போட்டு, அடியில் "இயைபு எங்கே?" என்று எழுதியிருந்தார். அவர் காது வரியின் வாலில் காத்திருக்கிறது, நான் தலையில் வைத்திருக்கிறேன். பன்னிரண்டு கேள்விக்குறி கொண்ட அந்தத் தாள் இன்னும் என் மேசையில் இருக்கிறது.



மொன்றியல் வாத்தியார்
என் அனுபவம் சின்னது: முயலோடு இயைபு சேர வேண்டும் என்பதற்காக ஒருவர் வானத்துக்கு 'புர்புரேங்' என்று போட்டிருந்தார். கருஞ்சிவப்பாம். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை, மூன்று பேர் அது ஒரு விலங்கு என்றார்கள். இயைபுக்காகச் சொல்லைத் தேடிய இடம் அங்கேயே பல்லைக் காட்டும்.

லியோன்வாசி, அடுத்த முறைக்குச் சொல்கிறேன். ஓவியர் தூரிகையைத் தொடும் முன்பே ஒரு பக்கத் தாள் எழுதிவிடுங்கள். புத்தகத்தில் வரும் தொப்பிச் சொற்கள், சாவியை 'க்ளே' என்று இ-யில் முடிப்பதா எஃப்-இல் முடிப்பதா, முட்டையிலும் இதயத்திலும் 'ஓ'வும் 'இ'யும் ஒட்டின எழுத்தா தனி எழுத்தா, பெரிய எழுத்தின் மேல் குறி உண்டா இல்லையா. ஓவியருக்கும் அந்தத் தாள் போக வேண்டும். படம் வந்ததும் கதையை மூடிவைத்துவிட்டு படத்திலுள்ள எழுத்தை மட்டும் ஒரு தாளில் எழுதி எடுங்கள்: கடைப் பலகை, பாட்டில் சீட்டு, சுவரில் மாட்டிய நாட்காட்டி. நாட்காட்டியில் ஆகஸ்ட் நிச்சயம் இருக்கும். பிறகு அந்தப் பட்டியலைக் கதையோடு ஒப்பிடுங்கள். அரை மணி நேரம் போதும்.

வாசித்துப் பார்ப்பதை எழுதியவரிடம் விடாதீர்கள். அவர் மனசில் இருக்கும் தாளத்துக்கு வரியை இழுத்துவிடுவார். முன்னே பார்க்காத இரண்டு பேர், ஒருவர் வடக்கு, ஒருவர் தெற்கு. அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பென்சிலால் குறியுங்கள். இங்கே கியூபெக்கில் விற்க வேண்டுமென்றால் ஆச்சரியக்குறிக்கு முன் பிரான்சில் விடும் இடைவெளி எங்களுக்குக் கிடையாது, அதையும் முதலிலேயே பேசி முடியுங்கள். ஒரு வார்த்தை மீனாவுக்கு: எங்கள் பிள்ளைகளும் பழுப்பையும் முயலையும் தனித்தனியாகத்தான் சொல்வார்கள். உங்கள் ஓரக் குறிப்பை அழிக்க விட்டிருக்கக் கூடாது.

செர்ஜி_ரவி
மலரை எடுத்துப் பார்த்தேன். 'காத்தோ' நான்கு இடம், 'ஃபெத்' இரண்டு இடம், எல்லாம் மொட்டையாக இருக்கின்றன. பெற்றோர் யாரும் சொல்லவில்லை. ஆனால் அக்கா, எந்த ஊர்க் காதுக்கும் பொருந்தும் இயைபு வேண்டுமென்றால் எழுத சொல்லே மிஞ்சாதே?

துலூஸ் மீனா
மிஞ்சும் தம்பி. முயலுக்கு 'மத்தேங்', காலை என்று வைத்தால் எந்த ஊரிலும் ஒன்றும். கரடியின் நிறம்தான் போய்விடும். படத்தில்தான் அது பழுப்பாக இருக்கிறதே. அதை அந்தப் பதிப்பாசிரியர் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

லியோன்வாசி
வாத்தியார் ஐயா, நாட்காட்டி என்றதும் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்தேன். 22ஆம் பக்கம், அடுப்புக்கு மேலே. தொப்பியோடு 'ஊத்'. மூன்று வருடமாக நான் அதைப் பார்க்கவே இல்லை.