ஈத்தேன் எரிதல்: ஆக்சிஜன் ஒற்றைப்படையில் வந்தால் எப்படிச் சொல்லித் தருகிறீர்கள்?

வேதியியல் ஆசிரியர்களே, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்திக்கு இந்தச் சமன்பாட்டைப் புரியவைக்க உங்கள் யோசனை வேண்டும்.

C₂H₆ + O₂ → CO₂ + H₂O

முதலில் கார்பன்: இடப்பக்கம் 2, அதனால் 2CO₂. அடுத்து ஹைட்ரஜன்: 6 இருக்கிறது, அதனால் 3H₂O. ஆக்சிஜனைக் கடைசிக்கு வைப்பதே நல்லது, ஏனென்றால் O₂ தனியாக நிற்கிறது. அதன் கெழுவை மாற்றினால் வேறு எந்தத் தனிமமும் கலையாது.

சிக்கல் இங்கேதான். வலப்பக்கம் ஆக்சிஜன் 4 + 3 = 7. O₂ இரண்டிரண்டாக வருவதால் 7/2 தேவை. உடனே அவள் O₇ என்று எழுதிவிடுகிறாள். கெழுவை மட்டுமே மாற்றலாம், வாய்பாட்டைத் தொட்டால் பொருளே மாறிவிடும் என்று சொன்ன பிறகு, 7O₂ என்று மட்டும் மாற்றி மற்றதை அப்படியே விடுகிறாள். எண்ணிப் பார்த்தால் இடப்பக்கம் 14, வலப்பக்கம் 7. எல்லாவற்றையும் 2-ஆல் பெருக்கினால்தான் சரியாகும்:

2C₂H₆ + 7O₂ → 4CO₂ + 6H₂O

கார்பன் 4, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 14, இருபுறமும்.

பின்னத்தை எழுதவைத்துப் பிறகு பெருக்கச் சொல்வதா, இல்லை ஒற்றைப்படை வந்ததுமே 2C₂H₆ என்று மறுபடி தொடங்கச் சொல்வதா? உங்கள் வகுப்பில் எது எடுபட்டது? இதே சிக்கல் வரும் பயிற்சிச் சமன்பாடுகள் இரண்டு மூன்று இருந்தாலும் தாருங்கள்.