ஒமிஷனுக்கு ‘விடுபாடு’ வேணாமே, ‘குன்றல்’ எப்படி?

நிர்மலா:
எல்லாருக்கும் வணக்கம். ஹிந்தியிலேர்ந்து தமிழுக்கு மெஷின் பண்ணின மொழிபெயர்ப்ப ஆள வச்சு மதிப்பிடுறோம், 40 வாக்கியம், ரெண்டு பேர் தனித்தனியா பாக்குறாங்க. ஒவ்வொரு தப்புக்கும் ஒரு வகை, அப்புறம் சின்னதா பெரிசான்னு ஒரு குறி, அவ்ளோதான். வகைங்கள விட்டுப்போனா ஒமிஷன், சேத்துட்டா அடிஷன், அர்த்தம் மாறினா மிஸ்டிரான்ஸ்லேஷன்னு எழுதிக் குடுத்தேன், அங்கதான் சிக்கல். ‘காலி பேட் தவா மத் லேனா’, அதாவது வெறும் வயித்துல மருந்து சாப்பிடாதேன்னு இருந்தது, மெஷின் ‘வெறும் வயிற்றில் மருந்து எடுத்துக்கொள்ளவும்’னு குடுத்துருச்சு. ஒருத்தர் இத ஒமிஷன்னு போட்டாரு, இன்னொருத்தர் மிஸ்டிரான்ஸ்லேஷன்னு போட்டாரு. பேர் தெளிவா இருந்தா இந்தக் குழப்பம் குறையும்னு தோணுது. ‘விடுபாடு’ன்னு ஒண்ணு யோசிச்சேன், வேற சொல்லு இருக்கா?

பிரபு:
மேடம், எரருக்கு ‘வழு’ன்னே இருக்கே, நாங்க சாப்ட்வேர் தமிழாக்கத்துல பக்குக்கு அதத்தான் போடுறோம். எல்லாத்துக்கும் வழு 1, வழு 2ன்னு நம்பர் குடுத்துட்டா முடிஞ்சுது, டெவலப்பர் பாத்து சரி பண்ணிடுவாரு.

நிர்மலா:
தம்பி, இது பக் இல்ல, எந்த மாதிரி தப்பு அடிக்கடி வருதுன்னு எண்ணிப் பாக்கணும், நம்பர் போட்டா பாக்குறவருக்கு ஒண்ணும் புரியாது.

சண்முகம்:
அம்மா, புதுசா எதுக்குத் தேடணும். நன்னூல்ல நூலுக்கு ஆகாத பத்துக் குற்றம்னு சொல்றப்ப முதல் ரெண்டே குன்றக்கூறல், மிகைபடக்கூறல்தான். அது நூல் எழுதுறவனுக்குச் சொன்னது, ஆனா மூலத்துல இருக்கறதக் கொறச்சுச் சொன்னா குன்றல், இல்லாததச் சேத்தா மிகைன்னு அப்படியே பொருந்துது. உங்க மருந்து வாக்கியத்துல ‘மத்’ங்கற எதிர்மறைச் சொல்லு காணாமப் போயிருக்கு, அதனால அது குன்றல். அர்த்தம் தலைகீழா ஆனது அதோட விளைவு, அதுக்குத்தான் ‘பெரிசு’ங்கற குறி இருக்கே. என்ன நடந்துச்சுங்கறது வகை, எவ்ளோ கெடுத்துச்சுங்கறது குறி, ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பக்கூடாது.

பர்வீன்:
ஐயா சொல்றது சரிதான், ஆனா எனக்கு முழுசா ஒப்பல. நான் டெல்லியில இருந்தவ, இந்த வேலை பண்ணியிருக்கேன். ‘ரமேஷ் நே சாய் பீ’, அதாவது ரமேஷ் டீ குடிச்சான்னு ஒண்ணு, மெஷின் ‘ரமேஷ் டீ குடித்தாள்’னு போட்டுச்சு. ஹிந்தியில ‘நே’ வந்தா வினை செய்யுறவங்க பின்னாடி போகாது, சாய்ங்கற பெண்பால் சொல்லு பின்னாடி போகும், அதான் ‘பீ’. மெஷின் அந்தப் பெண்பால ரமேஷ் தலையில கட்டிருச்சு. இத ஹிந்தி ஒரு எழுத்து தெரியாதவங்களே தப்புன்னு சொல்லிடுவாங்க. ஆனா ‘ஹம் கல் கயே தே’ நேத்து போயிருந்தோம், ‘ஹம் கல் ஜாயேங்கே’ நாளைக்குப் போவோம், ரெண்டுலயும் ‘கல்’ ஒண்ணுதான், வினையப் பாத்துதான் நாளைக்கா நேத்தான்னு தெரியும். ரெண்டாவதுக்கு ‘நேற்று போவோம்’னு வந்தா தமிழ் மட்டும் தெரிஞ்சவங்க பிடிச்சிடுவாங்க, ‘நேற்று போனோம்’னு வந்தா அழகா படிக்கும், யாருக்கும் சந்தேகமே வராது, மூலத்தப் பாத்தாதான் மாட்டும்.

சண்முகம்:
அருமையா சொன்னீங்க. அப்போ தமிழ மட்டும் படிச்சே கண்டுபிடிக்கிறது வழு, பால்வழு காலவழுன்னு நம்ம இலக்கணத்துல பிரிச்சே வச்சிருக்கு. ‘குடித்தாள்’ பால்வழு, ‘நேற்று போவோம்’ காலவழு. குன்றலும் மிகையும் இல்லாம, மூலத்தோட ஒப்பிட்டாத்தான் தெரியற தப்புக்கு ‘பிறழ்வு’ன்னு வைக்கலாமா?

நிர்மலா:
வைக்கலாம். இதுல இன்னொரு வசதி, வழுவ ஹிந்தி தெரியாதவங்ககிட்டயே குடுக்கலாம், பிறழ்வு, குன்றல், மிகை மூணும் ரெண்டு மொழியும் தெரிஞ்சவங்ககிட்டதான் போகணும். அந்த ஆளுங்க கிடைக்கறது கஷ்டம்.

பர்வீன்:
ஒண்ணு பாக்கி இருக்கு. அதே ‘ஹம்’. ஹிந்தியில கேக்குறவங்களச் சேத்தா, சேக்காமயான்னு தெரியாது. தமிழ்ல நாம்னோ நாங்கள்னோ சொல்லியே ஆகணும். மெஷின் ‘நாங்கள்’னு போட்டா அது மிகையா? மூலத்துல இல்லாதத சேத்திருச்சே.

சண்முகம்:
மிகைன்னு சொல்ல மனசு வரல, மெஷினுக்கு வேற வழியே இல்லையே. மொழிபெயர்க்குற மனுஷனும் ஒண்ணத்தான் எழுதியாகணும்.

பர்வீன்:
ஆனா முன்வாக்கியத்துல ‘நீயும் வா’ன்னு இருந்தா நாங்கள் தப்புதானே ஐயா? தனி வாக்கியமா குடுத்தா அது தெரியவே தெரியாது.

நிர்மலா:
நாங்க தனித்தனி வாக்கியமாதான் குடுத்தோம், முன்வாக்கியம் இல்லாம. இப்போதைக்கு இத ‘ஊகம்’னு தனியா ஒதுக்கிட்டு, முன்னாடி ரெண்டு வாக்கியம் சேத்து மறுபடி பாக்கச் சொல்றேன். மதிப்பெண்ல கழிக்கலாமா வேணாமான்னு எனக்கே இன்னும் முடிவு இல்ல.

பிரபு:
மேடம், ஷீட்ல பிறழ்வுக்கு ‘பி’ன்னு ஒரு எழுத்து போடச் சொல்றீங்க, பெரிசுக்கு ‘பெ’. டைப் பண்ண வேண்டாம், ரெண்டையும் ட்ராப்டவுன்ல வச்சிடுங்க, இல்லன்னா கொம்பு மாறிப்போயி எண்ணிக்கையே குன்றலாயிடும்.