ஹாட்ஸ்பாட் அரை மணி நேரத்தில் படுத்துவிடுகிறது, காரணம் சூடா, சிம்மா?

வீட்டு பிராட்பேண்ட் போன வாரத்திலிருந்து வேலை செய்யவில்லை. சரிசெய்யும் வரை போன் ஹாட்ஸ்பாட்டில்தான் லேப்டாப்பில் வீடியோ மீட்டிங் ஓடுகிறது.

ஆண்ட்ராய்டு 13 போன், 4ஜி சிம், 5000 mAh பேட்டரி. ஜன்னலோர மேசையில் வைக்கிறேன். தொடக்கத்தில் 20 Mbps வருகிறது. அரை மணி நேரம் போனால் 2 Mbps-க்குக் கீழே இறங்கி, எதிரில் பேசுபவரின் முகம் கட்டம் கட்டமாக உடைகிறது. போனின் முதுகு, கேமராவுக்குக் கீழே, தொட முடியாத சூடு. சார்ஜரில் போட்டிருந்தும் பேட்டரி சதவீதம் ஏறுவதே இல்லை.

முதலில் டேட்டா தீர்ந்து வேகத்தைக் குறைக்கிறார்களோ என்று பார்த்தேன், அன்றைய டேட்டா மிச்சம் இருக்கிறது. மீட்டிங்குக்கு மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகிறது. லேப்டாப் பின்னணியில் அப்டேட் இறக்காமலிருக்க, விண்டோஸில் இந்த இணைப்பை Metered connection ஆக்கினேன். 5 GHz-க்கு மாற்றினேன், அப்புறம் வைஃபையே வேண்டாம் என்று யூஎஸ்பி டெதரிங்கும் செய்தேன். சூடு கொஞ்சம் குறைந்தது, வேகம் அதேபோல விழுந்தது. அந்த நேரத்தில் போனிலேயே சோதித்தாலும் மெதுவாகத்தான் இருக்கிறது, அதனால் வைஃபை பக்கம் கோளாறு இல்லை என்று நினைக்கிறேன்.

ஏரோபிளேன் மோடில் பத்து நிமிடம் வைத்தால் பழைய வேகம் திரும்புகிறது. ஆனால் அதற்குள் போன் ஆறியும் விடுகிறது, டவர் இணைப்பும் புதிதாகிறது.

சூட்டினால் போனே மோடத்தின் வேகத்தைக் குறைக்கிறதா, டவர் பக்கம் குறைகிறதா என்பதைப் பிரித்துக் கண்டுபிடிப்பது எப்படி?