க்ளாக் ஏறும் அதே நொடியில் Q0 மாறினால், Q1 எதை எடுத்துக்கொள்ளும்?

அலைவரி: நான்கு ஃபிளிப்-ஃபிளாப் கொண்ட ஷிஃப்ட் ரெஜிஸ்டரின் டைமிங் வரைபடத்தை முதன்முறை நிரப்பியபோது நான் செய்த பிழையைப் பகிர்கிறேன். நான்கு வெளியீடுகளும் தொடக்கத்தில் 0. உள்ளீட்டில் 1, 0, 1, 1 என்று வரிசையாக வந்தது. முதல் ஏறுவிளிம்பில் Q0-ஐ 1 ஆக்கினேன். அது Q1-இன் உள்ளீடு என்பதால் அதே விளிம்பில் Q1-ஐயும் உயர்த்தினேன். நான்கு கோடுகளும் ஒன்றாக ஏறிவிட்டன. பிறகு, ஒவ்வொரு விளிம்பிலும் செங்குத்துக் கோடு போட்டு, அதற்குச் சற்று இடப்பக்கம் இருக்கும் மதிப்பை மட்டும் படிக்கப் பழகினேன். நான்காவது விளிம்புக்குப் பின் Q0 முதல் Q3 வரை 1101 என்று சரியாக வந்தது.

தொடர்மின்: இடப்பக்க மதிப்பைப் படிப்பது எப்போதும் சரியே, வரைபடத்திலும் சரி, பலகையிலும் சரி, ஐயப்பட ஒன்றுமில்லை.

நீலக்கம்பி: வரைபடத்தைப் பொறுத்தவரை அது சரி, பலகைக்கு அப்படியே பொருந்தாது. விளிம்பு வந்து சில நானோநொடி கழித்தே Q0 மாறுகிறது. அதற்குள் Q1 பழைய மதிப்பைப் பிடித்துவிடுவதால்தான் இடப்பக்கம் படிக்கும் முறையே செல்லுபடியாகிறது. ஒருமுறை, தனித்தனி ஐசிகளைக் கோத்த என் சுற்றில், க்ளாக் கம்பி நீண்டு இரண்டாவது ஐசிக்குத் தாமதமாகச் சென்றது. அலைகாட்டியில் அதன் முதல் வெளியீடு, முன்னதன் கடைசி வெளியீட்டோடு ஏறக்குறைய ஒட்டியே ஏறி இறங்கியது. இடையே இருக்க வேண்டிய ஒரு முழுத் துடிப்பு இடைவெளியைக் காணவில்லை. தரவு ஒரே துடிப்பில் இரண்டு நிலைகளைத் தாண்டியிருந்தது. க்ளாக்கைக் கடைசி ஐசியிலிருந்து தொடங்கி, தரவு போகும் திசைக்கு எதிராக இழுத்த பிறகு சரியானது.

மாலைவெயில்: என் 74HC595-இலும் இதுவேதான் நடந்திருக்க வேண்டும். பின்கள் குறைவாக இருந்ததால் நகர்த்தும் க்ளாக்கையும் சேமிக்கும் க்ளாக்கையும் ஒன்றாக இணைத்தேன். விளக்குகள் எப்போதும் ஒரு துடிப்பு பின்தங்கியே எரிந்தன.

நீலக்கம்பி: அது வேறு, ஐயா. உங்களுடையதில் பிழையே இல்லை. இரண்டும் ஒரே விளிம்பில் இயங்கும்போது, சேமிப்புப் பகுதி நகர்வதற்கு முந்தைய மதிப்பைத்தான் எடுக்கும். முன்னவர் சொன்ன இடப்பக்கக் கோடு இங்கும் அப்படியே பொருந்துகிறது. கடைசியில் ஒரு துடிப்பைக் கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

அலைவரி: ஒன்று மட்டும் எனக்கு இன்னும் தெளியவில்லை. ஒரு பயிற்சித் தாளில், வெளியிலிருந்து வரும் தரவுக் கோடே மூன்றாவது விளிம்பில் மிகச் சரியாக இறங்குகிறது. அதை 1 என்று எழுதுவதா?

தொடர்மின்: 1 என்றே எழுதுங்கள், இடப்பக்கம் 1 தானே இருக்கிறது.

நீலக்கம்பி: நானாக இருந்தால் அந்த இடத்தைக் கோடிட்டு நிரப்பி, மதிப்பு உறுதியில்லை என்று காட்டுவேன். Q0 விளிம்புக்குப் பின்தான் மாறும் என்று சொல்ல ஃபிளிப்-ஃபிளாப்பின் தாமதம் இருக்கிறது. வெளித்தரவுக்கு அப்படியொரு காரணத்தை அந்தத் தாள் தரவில்லையே.