பழைய பக்கங்களை நீக்குவதா, சேர்ப்பதா?

வண்டிக்காரன்: ரயில் பயணத் தகவல் தளம் ஒன்று நடத்துகிறேன். 2016-லிருந்து எழுதியது, ஏறக்குறைய 400 பக்கங்கள் இருக்கும். வருஷத்துக்கு ஒருமுறை பழையதை நீக்கி, சின்னப் பக்கங்களை ஒன்றாகச் சேர்க்கச் சொல்கிறார்கள். எதை நீக்குவது, எதைச் சேர்ப்பது?

கத்தரிக்கோல்: 300 வார்த்தைக்குக் குறைந்த எல்லாவற்றையும் தூக்குங்க. மூன்று மாதமாகக் கிளிக் வராததையும் தூக்குங்க. கூகுளுக்குப் பழசு பிடிக்காது. 2023-இல் பெரிய தொழில்நுட்பச் செய்தித் தளமான சிநெட்டே பழைய கட்டுரைகளை ஆயிரக்கணக்கில் நீக்கியது.

பிளாட்பாரம்5: சிநெட் நீக்கியது உண்மைதான். பழையது என்பதற்காகவே நீக்காதீர்கள் என்று கூகுள் தரப்பு வெளிப்படையாகச் சொன்னதும் அதே நாட்களில்தான். வார்த்தைக் கணக்கும் சரிப்படாது. தட்கல் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று தேடி வருகிறவருக்கு ஏசி 10 மணி, ஸ்லீப்பர் 11 மணி என்ற ஒரு வரி போதும்.

மூன்று மாதக் கணக்கு இன்னும் ஆபத்து. சர்ச் கன்சோல் திறந்ததும் காட்டுவது கடைசி மூன்று மாதத்தை மட்டும். பொங்கல் முன்பதிவுப் பக்கத்தை ஏப்ரலில் பார்த்தால் செத்த பக்கம் மாதிரித்தான் தெரியும். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாளுக்குப் பதில் 60 நாள்தான், அதனால் அதற்குக் கூட்டம் வருவது நவம்பர் நடுவில். 16 மாதம் வரை பார்க்கலாம். அதை வைத்து முடிவு செய்யுங்கள்.

வண்டிக்காரன்: தட்கலுக்கு மட்டும் நான்கு பக்கம் இருக்கிறது அண்ணே. நேரம், கட்டணம், ரத்து, ஆதார்.

பிளாட்பாரம்5: அதுதான் சேர்க்க வேண்டிய ரகம். கன்சோலில் ஒரு தேடல் சொல்லைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பக்கங்களின் பட்டியலைப் பாருங்கள். "தட்கல் ரத்து" என்ற ஒரே தேடலுக்கு நான்கு பக்கமும் மாறி மாறி வந்தால், எதுவும் உறுதியாக நிற்கவில்லை என்று அர்த்தம். வெளியிலிருந்து அதிக இணைப்பும் கிளிக்கும் வரும் பக்கம் எது என்று பார்த்து, அதன் முகவரியை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் பணம் வராது என்பது போன்று மற்ற மூன்றிலும் இருக்கும் உருப்படியான தகவல்களை முதலில் அங்கே கொண்டுபோய்ச் சேருங்கள். அப்புறம்தான் அந்த மூன்று முகவரிகளையும் .htaccess கோப்பில் இப்படித் திருப்பிவிட வேண்டும்:

```
Redirect 301 /tatkal-refund /tatkal
Redirect 301 /tatkal-fare /tatkal
Redirect 301 /tatkal-aadhaar /tatkal
```

பலர் சோம்பலில் நீக்கிய எல்லாவற்றையும் முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறார்கள். கூகுள் அதைக் காணாமல் போன பக்கமாகத்தான் எடுத்துக்கொள்ளும், பழைய இணைப்பின் பலனும் போய்விடும். தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளையும் புது முகவரிக்கு மாற்றுங்கள். திருப்பிவிட்டதை ஒரு வருடத்துக்காவது எடுக்காதீர்கள்.

மல்லிகா_ஹோசூர்: என் ஹோஸ்டிங்கிலும் இடம் நிரம்பிவிட்டது. பாதிப் பக்கத்தை அழித்தும் குறையவே இல்லையே சார்?

பிளாட்பாரம்5: அது வேறு பிரச்சினை மேடம். எழுத்து இடத்தை அடைப்பதில்லை, படங்கள்தான் அடைக்கும். வேர்ட்பிரஸில் பக்கத்தை நீக்கினாலும் படம் மீடியாவிலேயே கிடக்கும். அங்கே போய் நீக்குங்கள்.

பழையபாலம்: நீக்கவே கூடாது என்பது என் கட்சி. 2022 டிசம்பரில் பாம்பன் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6-இல் புதுப் பாலம் திறந்தது. நடுவில் வண்டிகள் மண்டபத்தோடும் ராமநாதபுரத்தோடும் நின்றதை அன்றைக்கு அன்றைக்கு எழுதியது உங்களைப் போன்ற தளங்கள்தான். அழித்தால் திரும்ப எங்கே தேடுவது?

பிளாட்பாரம்5: "ராமேஸ்வரம் ரயில்கள் மண்டபம் வரை மட்டும்" என்ற தலைப்பு இன்றும் தேடலில் வந்தால், அதை நம்பி ஒரு குடும்பம் மண்டபத்திலேயே இறங்கி ஆட்டோ பேசும். வரலாறு முக்கியம்தான், ஆனால் தேடுகிறவர் பார்ப்பது தலைப்பைத்தானே? பக்கம் நிரந்தரமாக நீக்கப்பட்டது என்று சொல்லும் 410 போட்டுவிடலாம், இல்லையென்றால் புது ராமேஸ்வரம் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம்.

பழையபாலம்: தலைப்பிலேயே "2022-25 நிலவரம்" என்று போட்டு, முதல் வரியில் புதுப் பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தால் போதாதா? நீங்கள் சொல்வது போல் திருப்பிவிட்டால் பழைய எழுத்தை யாரும் படிக்கவே முடியாது.

பிளாட்பாரம்5: ஒன்றிரண்டு பக்கம் என்றால் சரி, செய்யலாம். ஐம்பது பக்கத்துக்குத் தலைப்பு மாற்றி, வருஷா வருஷம் யார் சரிபார்ப்பது? என் கவலை அதுதான்.

கத்தரிக்கோல்: இவ்வளவு யோசிக்கிற நேரத்தில் நூறு பக்கம் நீக்கியிருக்கலாம்.

வண்டிக்காரன்: தட்கல் நான்கையும் இந்த வாரம் சேர்த்துவிடுகிறேன். மண்டபம் பக்கத்துக்கு இப்போதைக்குத் தலைப்பு மட்டும் மாற்றுகிறேன். செங்கோட்டை–புனலூர் மீட்டர்கேஜ் கால நேர அட்டவணை ஒரு கட்டு கிடக்கிறது. அந்தத் தண்டவாளமே இப்போது இல்லை. அதை ஒரே பக்கமாகச் சேர்க்கலாமா, பழையபாலம்?

பழையபாலம்: சேருங்கள். ஆனால் ஒவ்வொரு அட்டவணைக்கும் எந்த வருடத்தது என்று போடாமல் சேர்க்காதீர்கள். ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது.