மேட்டா, கிளாஸியா? படங்களைப் பார்த்துச் சொல்லுங்க

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்க வீட்டு ஹாலுக்குப் பெயிண்ட் அடிக்கணும். பெயிண்டர் அண்ணன் ஒரே சுவரில், ஒரே நிறத்தில், மூணடிக்கு மூணடி மேட்டும் கிளாஸியும் பக்கத்துல பக்கத்துல அடிச்சுக் காட்டினார். காலை, மதியம், ராத்திரி மூணு நேரமும் ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்களைப் போட்டிருக்கேன்.

காலைப் படத்தைத்தான் முக்கியமா பாருங்க. பக்கத்து ஜன்னல் வெளிச்சம் சுவரை ஒட்டிச் சாய்வா விழும்போது, கிளாஸி பக்கம் பட்டி இழுத்த மேடு பள்ளமெல்லாம் அலை அலையா தெரியுது. மேட் பக்கமும் அதே பட்டிதான், ஆனா வெளிச்சம் சிதறிப் போறதால கண்ணுக்குப் படவே இல்லை. ராத்திரி கிளாஸியில் டியூப்லைட் ஒரு வெள்ளைக் கோடா விழுது. டிவி பார்க்கும்போது கண்ணை உறுத்தும். ஆனா ஹால் பளிச்சுன்னு இருக்கு. மேட்டில் அமைதியா இருக்கு, கொஞ்சம் மங்கலாவும் படுது. (போன் தானா வெளிச்சத்தைக் கூட்டிடும், அதனால் இரண்டும் ஒரே படத்தில் வர்ற மாதிரி எடுத்தேன்.)

சின்னப் பசங்க கை வைக்கிற சுவர், துடைக்கவும் வேணும். இன்னொரு கை பட்டி போட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடிச்சுப் பார்த்துத் தேய்ச்சா கிளாஸி சரிவருமா? இல்லை நடுவில் இருக்கிற சாட்டின் போதுமா? அடிச்சுப் பார்த்தவங்க சொல்லுங்க.